கூற்றை மறைத்துப் படித்தேன், ஐயா

“கூற்றை எண்ணியிருக்கிறாய். பாடலை எண்ணியதாகச் சொல்கிறாய். இந்த இயலில் உள்ள அட்டவணை ஒன்றுகூட நிற்காது. கூற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாடலை மட்டும் வைத்து மறுபடி எழுது.”

குறுந்தொகையில் தோழியின் பேச்சைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு மாணவிக்கு, அவருடைய நெறியாளர் மூன்றாம் இயலின் முதல் பக்க ஓரத்தில் எழுதிய குறிப்பு இது. பக்கம் தோறும் இப்படித்தான். இரண்டாம் இயலில், முன்னாய்வுகளைச் சொல்லும் பகுதியில், “இது முன்னாய்வு இல்லை, கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெரியப்பா பெயர் போடுவது” என்று இருக்கிறது. நான்காம் இயலின் தலைப்புக்கு மேலே “வேண்டாம்” என்ற ஒரே சொல். நெறியாளர் என் நெடுநாள் நண்பர். நேரில் சாதுவான மனிதர். பேனாவைக் கையில் எடுத்தால் மட்டும் வேறு ஆள்.

இந்தக் குறிப்புகளுக்கு அந்த மாணவி எழுதிய நன்றி மடலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இருவரும் சம்மதித்ததால் பெயர்களை எடுத்துவிட்டு இங்கே காட்டுகிறேன். நல்ல மடல்களைச் சேர்த்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. மின்னஞ்சல் வந்த பிறகு அந்தச் சேகரம் வளரவே இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தவன் நான். இந்த மடல் அதில் முன்வரிசையில் இருக்கிறது.

மடலைப் படிப்பதற்கு முன் அந்த முதல் குறிப்பு எதைச் சொல்கிறது என்று தெரிய வேண்டும். குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள். ஒவ்வொன்றோடும் ஒரு சிறு உரைநடைக் குறிப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது: இதை இன்னார் இன்னாரிடம் இன்ன வேளையில் சொன்னது என்று. அதுதான் கூற்று. ஏட்டில் பாடலோடு வந்தது, அச்சிலும் பாடலோடு வருகிறது. பள்ளிப் பாடநூலிலிருந்தே நாம் அதைப் பாடலின் ஒரு பகுதியாகப் படித்துப் பழகிவிட்டோம். ஆனால் அது பாடிய புலவர் எழுதியது இல்லை. பின்னால் வந்த ஒருவர், அகத்திணை மரபு அறிந்த ஒருவர், இந்தப் பாடல் இவர் வாயில்தான் பொருந்தும் என்று முடிவு செய்து எழுதிவைத்தது. பெரும்பாலும் அது பொருத்தமாகவே இருக்கும். என்றாலும் அது ஒரு வாசகரின் தீர்ப்பு.

செம்புலத்தில் பெய்த நீரைச் சொல்லும் 40ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் திருமண மேடைவரை போய்விட்ட பாடல். பேசுவது ஆண் என்று எல்லோருக்கும் தெரியும். எப்படித் தெரியும்? கூற்று சொல்கிறது. பாடலுக்குள் யானும் நீயும் இருக்கிறார்களே தவிர, யான் ஆணா பெண்ணா என்பதற்கு ஓர் அசைகூட இல்லை.

மாணவி செய்தது என்ன என்றால், 401 பாடல்களில் எத்தனை தோழி பேசுபவை, அவற்றில் எத்தனை தலைவனிடம், எத்தனை தலைவியிடம், எத்தனை செவிலியிடம் என்று எண்ணி அட்டவணை போட்டு, அதிலிருந்து சங்கப் புலவர்கள் தோழியை எப்படிப் படைத்தார்கள் என்று முடிவு சொல்லியிருந்தார். எண்ணிக்கையோ முழுக்கக் கூற்றிலிருந்து வந்தது. ஆக, அந்த அட்டவணை சங்கப் புலவர்களைப் பற்றியது இல்லை. கூற்று எழுதியவரைப் பற்றியது. நண்பர் சொன்னது சரிதான். ஓர் ஆய்வேட்டின் நடு இயலில் இப்படி ஒரு குறிப்பு விழுந்தால் இரண்டு மூன்று நாளைக்குச் சோறு இறங்காது.

குறிப்புகள் போய்ச் சேர்ந்த அன்றிரவு மாணவியிடமிருந்து “கிடைத்தது ஐயா. படித்துவிட்டு எழுதுகிறேன்” என்று மட்டும் வந்தது. பிறகு ஒரு வாரம் பேச்சில்லை. எனக்கு இந்த இடைவெளி பிடித்திருக்கிறது. கடுமையான குறிப்புகளுக்கு அன்றிரவே நீளமான நன்றி வந்தால், எழுதியவர் இன்னும் படிக்கவில்லை, பயந்துபோய் எழுதுகிறார் என்று எந்த ஆசிரியருக்கும் தெரிந்துவிடும். ஒன்றுமே வராவிட்டால், பையன் கோபித்துக்கொண்டானோ என்று அவருக்கு ஒரு மூலையில் உறுத்தும். முதலில் வந்த அந்த இரண்டு வாக்கியம் அந்த உறுத்தலுக்கு இடம் வைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து வந்த மடல் இப்படித் தொடங்குகிறது:

“ஐயா, வணக்கம். மூன்று இயல்களையும் அடிக்குறிப்பு உட்பட முழுக்கப் படித்திருக்கிறீர்கள். மிக்க நன்றி. மூன்றாம் இயலின் முதல் பக்கத்தில் எழுதியிருப்பதுதான் மற்றக் குறிப்புகளுக்கெல்லாம் வேர் என்று எனக்குப் படுகிறது. அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன். தோழி பேசும் பாடல்கள் என்று நான் எண்ணியவை, தோழி பேசுவதாகக் கூற்று சொல்லும் பாடல்கள். பாடலுக்குள் அதற்குச் சான்று இருக்கிறதா என்று நான் ஓரிடத்திலும் கேட்கவில்லை.”

நன்றி இரண்டே சொல்லில் முடிந்துவிட்டது. பொன்னான நேரம் இல்லை, மேலான வழிகாட்டுதல் இல்லை, நான் கொடுத்து வைத்தவள் இல்லை. ஆனால் அடிக்குறிப்பு உட்பட முழுக்கப் படித்தீர்கள் என்பதைப் பார்த்திருக்கிறார். மூன்று இயலின் அடிக்குறிப்புகளைப் படிக்கும் நெறியாளர் அரிது. படித்தாலும் அது மாணவர் கண்ணில் படுவது அதைவிட அரிது. என் நண்பர் இந்த மடலை எனக்குக் காட்டியபோது முதலில் விரல் வைத்துக் காட்டியது அந்த இடத்தைத்தான்.

அதைவிடப் பெரிய நன்றி அந்தப் பத்தியின் கடைசி இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. ஆசிரியர் எழுதியதை மாணவி தன் சொற்களில் திருப்பிச் சொல்கிறார். அதுவும் ஆசிரியரைவிடத் துல்லியமாக. ஆசிரியர் “கூற்றை எண்ணியிருக்கிறாய்” என்று அதட்டினார். மாணவி, கூற்று தவறு என்று சொல்லவில்லை, எண்ணியது தவறு என்றும் சொல்லவில்லை, பாடலுக்குள் சான்று தேடாததுதான் பிழை என்று இடம் குறித்துச் சொல்லிவிட்டார். குறிப்பு எழுதியவர் இதற்குமேல் எதையும் எதிர்பார்க்க முடியாது. தன் எரிச்சலிலிருந்து அதன் கருத்தை மட்டும் பிரித்து ஒருவர் எடுத்துக் கையில் கொடுக்கிறார் என்றால் மனசு குளிராதா?

இந்த இடத்தில் நம் மாணவர்கள் வழக்கமாக எழுதுவது, “தாங்கள் சுட்டிக்காட்டிய அனைத்துத் திருத்தங்களையும் செய்துவிடுகிறேன் ஐயா.” பணிவான வாக்கியம்தான், ஆனால் இந்த வகை மடலில் இதைவிட மோசமான வாக்கியம் எனக்குத் தெரியாது. எதைப் புரிந்துகொண்டார், எதைப் புரிந்துகொள்ளவில்லை, எது இரண்டு நாள் வேலை, எது ஆறு மாத வேலை என்று அதிலிருந்து ஒன்றும் தெரியாது. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு குறிப்புகள் இருந்தால் (அவசரமாகத் திருத்தும் ஆசிரியர்களிடம் அது சகஜம்) இரண்டையும் செய்துவிடுகிறேன் என்றால் என்ன பொருள்? அடுத்த வரைவு வரும்வரை ஆசிரியர் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நம் மாணவி அப்படி விடவில்லை. அடுத்த பத்தி:

“முதல் ஐம்பது பாடல்களையும் கூற்றைத் தாள் வைத்து மறைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். மூன்று வகையாகப் பிரிகின்றன. சிலவற்றில் பேசுபவர் யார் என்பது பாடலுக்குள்ளேயே இருக்கிறது. 18ஆம் பாடலில் தலைவனை நேரே விளித்து, தலைவியை ‘இவள்’ என்று சுட்டுவதால் பேசுவது மூன்றாமவர், தோழிதான். சிலவற்றில் கேட்பவர் மட்டும் தெரிகிறார். 23இல் குறி சொல்லும் அகவன்மகளை விளிப்பது தெளிவு; ஆனால் அவர் குன்றத்தைப் பாடிய பாட்டை இன்னும் பாடு என்று கேட்பது தோழியாகவும் இருக்கலாம், தலைவியாகவும் இருக்கலாம். சிலவற்றில் இரண்டும் இல்லை. முதல் பாடலே அப்படி: முருகன் குன்றம் குருதி நிறக் காந்தளால் நிறைந்திருக்கிறது என்பதோடு முடிகிறது. கையுறையாகப் பூக் கொண்டுவந்த தலைவனிடம் தோழி மறுத்துச் சொன்னது என்பது கூற்றிலிருந்து மட்டுமே கிடைக்கிறது. ஐம்பது பாடல்களுக்கான அட்டவணையை இணைத்திருக்கிறேன். இந்தப் பிரிப்பு சரி என்றால் 401க்கும் இதையே செய்கிறேன்.”

இந்தப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். குறிப்பை ஏற்றுக்கொண்டேன் என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஏற்றுக்கொண்டதால் என்ன நடந்தது என்பதைக் காட்டுகிறார். அதுவும் முழு வேலையைச் செய்து முடித்துவிட்டுக் காட்டவில்லை. இயலை முழுக்கத் திருப்பி எழுதி அனுப்பியிருந்தால் ஆசிரியர் இன்னொரு முறை எண்பது பக்கம் படிக்க வேண்டியிருந்திருக்கும். வழி தவறியிருந்தால் எல்லாம் வீண். ஐம்பது பாடல், மூன்று வகை, வகைக்கு ஒரு சான்று என்று கொடுத்துவிட்டு, தொடரலாமா என்று நிற்கிறார். ஆசிரியர் பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம்.

தேர்ந்தெடுத்த பாடல்களையும் கவனியுங்கள். 18, கபிலர் பாடல், சந்தேகத்துக்கே இடமில்லாதது. 23, ஔவையாருடையது, இரண்டு பக்கமும் இழுக்கக்கூடியது. முதல் பாடலோ தொகையின் வாசலிலேயே இருப்பது. எத்தனையோ பேர் தோழி கூற்றுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லி வந்தது. அதையே எடுத்து, இதற்குள் தோழியும் இல்லை, தலைவனும் இல்லை, மறுப்பும் இல்லை என்று காட்டும்போது நெறியாளரின் ஒருவரிக் குறிப்பு எவ்வளவு தூரம் போகிறது என்பது நெறியாளருக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும்.

பதிப்பு பற்றிய குறிப்புக்கு மடலில் மூன்றே வாக்கியம். ஓரக் குறிப்பு “எந்தப் பதிப்பு? பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது” என்று இருந்தது. மாணவியின் பதில்: “மேற்கோள்களை மூன்று பதிப்புகளிலிருந்து கலந்து எடுத்திருந்தேன். இனி உ.வே.சா.வின் 1937 பதிப்பே அடிப்படை. பாடவேறுபாடு பேசுபவரையோ கேட்பவரையோ மாற்றும் இடங்களில் மட்டும் சௌரிப்பெருமாள் அரங்கனாரின் 1915 பதிப்பையும் 1940 சமாஜப் பதிப்பையும் அடிக்குறிப்பில் காட்டுகிறேன்.” எல்லா வேறுபாட்டையும் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தால் அது வேறொரு ஆய்வேடாகியிருக்கும். தன் கேள்விக்கு எது தேவையோ அதை மட்டும் காட்டுவேன் என்று எல்லை போட்டது விவேகம். வையாபுரிப் பிள்ளையின் சமாஜப் பதிப்பு பாடல்களைப் புலவர் வரிசையில் அடுக்கியது. தொகையின் எண் வரிசையில் வேலை செய்பவர் அதை அடிப்படையாக வைத்தால் தடுமாறுவார். மாணவி அதை விளக்கவில்லை. நெறியாளருக்குத் தெரிந்ததை நெறியாளருக்குச் சொல்ல வேண்டாம் என்ற இங்கிதம்.

கல்யாணப் பத்திரிகைக் குறிப்புக்கும் சிணுங்கல் இல்லை. 38 பக்கத்தை 12 ஆகக் குறைக்கிறேன்; ஆண்டு வரிசையை விட்டுவிட்டு, ஒவ்வோர் ஆய்வாளரும் கூற்றைச் சான்றாக எடுத்தாரா, ஐயத்தோடு எடுத்தாரா என்ற ஒரே கேள்வியை வைத்து அடுக்குகிறேன் என்கிறார். முதல் குறிப்பு இரண்டாம் இயலையும் திருத்திவிட்டது பாருங்கள். ஆசிரியர் இரண்டையும் இணைத்துச் சொல்லவில்லை, மாணவிதான் இணைத்தார். வேர் என்று முதல் பத்தியில் சொன்னது முகத்துதி இல்லை என்பது இங்கேதான் உறுதியாகிறது.

நான்காம் இயல் பிராகிருத காதா சப்தசதியில் வரும் தோழியோடு ஒப்பீடு. அதைப் பற்றி: “நான்காம் இயலை எடுத்துவிட்டேன். பிராகிருதம் படிக்கத் தெரியாமல் மொழிபெயர்ப்பை வைத்துச் சொல்லாட்சிவரை ஒப்பிட்டிருந்தது தவறு.” அவ்வளவுதான். ஏறக்குறைய ஓராண்டு உழைத்த இயல் அது என்று நண்பர் சொன்னார். அந்த ஓராண்டைப் பற்றி ஓர் எழுத்துகூட மடலில் இல்லை. ஜார்ஜ் ஹார்ட் போன்றவர்கள் இந்த ஒப்பீட்டைச் செய்திருக்கிறார்களே, நான் செய்தால் என்ன என்று கேட்டிருக்கலாம். அவர்களுக்கு இரண்டு மொழியும் தெரியும் என்ற பதில் அவருக்கே தெரிந்திருக்கிறது. “எடுத்துவிட்டேன்” என்று இறந்தகாலத்தில் எழுதியிருப்பதால் ஆசிரியர் சமாதானம் சொல்ல வேண்டிய சங்கடமும் இல்லாமல் போய்விட்டது.

இவ்வளவும் ஏற்றுக்கொண்ட பிறகு வருகிறது நான் மிகவும் ரசிக்கும் பகுதி:

“ஒன்றை மட்டும் நீங்கள் சொன்னபடி செய்யவில்லை. கூற்றை முழுக்க விட்டுவிடச் சொன்னீர்கள். பாடலைப் பற்றிப் பேசும் இயலிலிருந்து விட்டுவிடுகிறேன். ஆனால் பாடலுக்குள் சான்று இல்லாத இடங்களில் கூற்று எழுதியவர் ஏன் தோழியைத் தேர்ந்தார் என்பது எனக்குத் தனிக் கேள்வியாகத் தோன்றுகிறது. பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் குறுந்தொகைக்கு எழுதிய உரை கிடைக்காத நிலையில், பழைய வாசிப்பில் நமக்கு மிஞ்சியிருப்பது கூற்றுதான். நான்காம் இயல் போன இடத்தில் இதை ஒரு சிறிய இயலாக எழுதிப் பார்க்கலாமா? வேண்டாம் என்றால் காரணம் சொன்னால் போதும், விட்டுவிடுகிறேன்.”

முதல் வாக்கியத்திலேயே செய்யவில்லை என்று சொல்லிவிட்டார். நம் ஊரில் மறுப்பதற்கு எத்தனையோ சுற்றுவழிகள். பார்க்கிறேன் ஐயா, முயற்சி செய்கிறேன் ஐயா என்று சொல்லிவிட்டு அடுத்த வரைவில் சத்தமில்லாமல் பழையபடியே வைத்துவிடுவது பரவலான வழி. ஆசிரியர் அதைக் கண்டுபிடிக்கும் நாளில் வரும் கோபம் நியாயமானது. மறுக்கும் மாணவர் மேல் வரும் கோபம் ஒரு மணி நேரம். மறைத்த மாணவர் மேல் வருவது வைவாவரை போகும்.

இடத்தையும் பாருங்கள். இந்த மறுப்பு மடலின் தொடக்கத்தில் வந்திருந்தால் வாதம் செய்ய வந்தவராகத் தெரிந்திருப்பார். நான்கு குறிப்புகளை ஏற்று, அதற்கான வேலையையும் காட்டிய பின் வருவதால், குறிப்பு புரியாமல் மறுக்கிறார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆசிரியர் ஒரே மூச்சில் எழுதிய குறிப்பில் இரண்டு கருத்துகள் இருந்தன: கூற்று பாடலுக்குச் சான்று ஆகாது என்பது ஒன்று, ஆகவே அதைத் தூக்கிப் போடு என்பது மற்றொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவது தானாக வராது. பாடலுக்குச் சான்றாகாதது வாசிப்பின் வரலாற்றுக்குச் சான்றாகலாம். அந்த மூட்டைத் தேடி மெல்லப் பிரித்திருக்கிறார், ஆசிரியரைத் தவறு என்று ஓரிடத்திலும் சொல்லாமல். என் கணக்கில் அந்த ஆய்வேட்டின் நல்ல இயல் இங்கேதான் பிறந்தது.

மடலின் கடைசியில் ஒற்றுப்பிழைகளையும் அடிக்குறிப்பு வடிவத்தையும் திருத்திவிட்டதாக ஒரு வரி. நாற்பது சிறு குறிப்புகளை வரிசையாகப் பட்டியல் போட்டிருந்தால் பெரியவை அதில் மூழ்கியிருக்கும். பிறகு ஒரே ஒரு கேள்வி: பேசுபவர் உறுதியாகாத பாடல்களுக்கு “ஐயக் கூற்று” என்று பெயர் வைத்திருக்கிறேன், சரியா? ஆம் இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி.

குறை இல்லாமல் இல்லை. ஓரிரு இடங்களில் நீங்கள் தாங்கள் ஆகிறது; பதற்றம் அங்கே எட்டிப் பார்க்கிறது. 401 பாடலையும் மூன்று வாரத்தில் முடிக்கிறேன் என்று எழுதியது நடக்கிற காரியம் இல்லை. கூற்றை மறைத்துவிட்டுப் படிப்பது என்றால், முன்பே மனப்பாடமான கூற்றை மறக்கவும் வேண்டும். அதற்கு ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பாடலுக்குமேல் ஓடாது. பொருள் என்ற கட்டத்தில் “திருத்தங்கள் தொடர்பாக” என்று போட்டிருக்கிறார். ஆறு மாதம் கழித்து ஆசிரியர் இந்த மடலைத் தேடினால், இதே பொருளில் வந்த பத்து மடல்களுக்குள் தேட வேண்டும். குறுந்தொகை என்ற சொல்லாவது அதில் இருந்திருக்கலாம்.

நண்பர் அன்று மாலையே பதில் போட்டார். நான் பார்த்தவரை அவர் ஒரு மாணவருக்கு எழுதிய மிக நீளமான பதில் அதுதான்: “ஐயக் கூற்று என்றால் கூற்றில் ஐயம் என்றும் ஆகும், ஐயத்தைச் சொல்லும் கூற்று என்றும் ஆகும். வேறு பெயர் யோசி. 23 சரி. மூன்று வாரம் போதாது, மூன்று மாதம் எடுத்துக்கொள். கூற்று இயலை எழுது. இருபது பக்கத்தைத் தாண்டாதே.”